விடையைப் பார்த்தே செல்சியஸ் பிழையைக் கண்டுபிடிப்பது: வாயு விதிக் கணக்குகளைச் சரிபார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சனிக்கிழமை காலைகளில் நான்கைந்து பிள்ளைகள் வந்து உட்காருவார்கள். எல்லோரும் பதினோராம் வகுப்பு. இங்கே அந்த ஆண்டுதான் இயற்பியல் அறிவியலில் வாயு விதிகள் வருகின்றன. போன மாதம் ஒரு பெண் தன் நோட்டைத் திருப்பிக் காட்டி, "ஆன்ட்டி, இது சரியா?" என்று கேட்டாள். வழிமுறையைத் தனித் தாளில் எழுதி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தாள். நோட்டில் கேள்வியும் விடையும் மட்டும்தான் இருந்தன.

கேள்வி இதுதான்: மூடிய எஃகுக் கலம் ஒன்றில் 20 டிகிரி செல்சியஸில் வாயுவின் அழுத்தம் 120 கிலோபாஸ்கல். வெயிலில் நிற்கும் காரின் டிக்கியில் அந்தக் கலம் 45 டிகிரிக்குச் சூடாகிறது. இப்போது அழுத்தம் என்ன? அவள் எழுதியிருந்த விடை 270 கிலோபாஸ்கல்.

பார்வைக்கு இந்த விடையில் ஒரு குறையும் இல்லை. சூடானால் அழுத்தம் கூட வேண்டும், கூடியிருக்கிறது. அலகு சரி. எண்ணும் அபத்தமாக இல்லை. ஆனாலும் வழிமுறையைப் பார்க்காமலே "வெப்பநிலையைச் செல்சியஸிலேயே போட்டுவிட்டாய்" என்று சொல்ல முடிந்தது. எப்படி என்று அவளும் மற்றவர்களும் கேட்டார்கள். அன்று மேசையில் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பிள்ளைகளின் வீட்டுப்பாடத்தைப் பார்த்துக்கொடுக்கும் அப்பா அம்மாவுக்கும், தேர்வில் கடைசி ஐந்து நிமிடம் கையில் இருக்கும் பிள்ளைக்கும் இது பயன்படும்.

முதலில், 20 என்ற எண்ணில் என்ன கோளாறு

வாயு விதிகள் எல்லாம் விகிதத்தில் பேசுபவை. கன அளவு மாறாவிட்டால், அழுத்தம் எத்தனை மடங்காகிறதோ அத்தனை மடங்காக வெப்பநிலையும் ஆகியிருக்க வேண்டும்.

```
p1 / T1 = p2 / T2
```

"மடங்கு" என்று சொல்ல வேண்டுமானால், அளவு உண்மையான சுழியத்திலிருந்து தொடங்க வேண்டும். இரண்டு தென்னை மரங்களை முதல் மாடி பால்கனியில் நின்று அளப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று பால்கனிக்கு மேலே 2 மீட்டர் தெரிகிறது, மற்றது 4 மீட்டர். இரண்டாவது மரம் முதல் மரத்தைப் போல் இரண்டு மடங்கு உயரம் என்று யாரும் சொல்ல மாட்டோம். அடியில் மறைந்திருப்பதையும் சேர்த்துத்தான் அளக்க வேண்டும். செல்சியஸ் அளவுகோலின் சுழியம், பனிக்கட்டி உருகும் இடத்தில் கட்டிய அப்படி ஒரு பால்கனி. வாயுவின் தரை அதற்கு 273 டிகிரி கீழே இருக்கிறது, துல்லியமாகச் சொன்னால் 273.15. எனவே 20 டிகிரியில் இருக்கும் வாயு, தன் தரையிலிருந்து 293 படி மேலே நிற்கிறது. 45 டிகிரியில் 318 படி. இப்படித் தரையிலிருந்து எண்ணும் அளவுகோல்தான் கெல்வின்.

இது வெறும் வழக்கம்தானே, பள்ளியில் சொன்னதால்தானே கெல்வின் போடுகிறோம் என்று ஒரு பையன் கேட்டான். நல்ல கேள்வி. நான் அவனிடம் அதே கணக்கை ஃபாரன்ஹீட்டில் செய்யச் சொன்னேன். 20 டிகிரி செல்சியஸ் என்பது 68 ஃபாரன்ஹீட், 45 என்பது 113. செல்சியஸ் எண்களைப் போட்டால் 270 கிலோபாஸ்கல் வருகிறது. ஃபாரன்ஹீட் எண்களைப் போட்டால் சுமார் 199. கலத்துக்குள் இருப்பது ஒரே வாயு, சூடும் ஒரே சூடு. நாம் எந்த வெப்பமானியை வாங்கினோம் என்பதைப் பொறுத்து அதன் அழுத்தம் மாறாது. தரையிலிருந்து எண்ணும் அளவுகோலில் மட்டும்தான் இந்தத் தகராறு வராது.

முதல் படி: கால்குலேட்டரைத் தொடுமுன் எவ்வளவு மாற வேண்டும் என்று மதிப்பிடுங்கள்

நாம் பார்க்கும் கணக்குகளில் பெரும்பாலானவை வீட்டு, வகுப்பறை வெப்பநிலையில் நடப்பவை. அங்கே கெல்வின் எண் 300-ஐ ஒட்டி இருக்கும். 27 டிகிரி என்பது சரியாக 300 கெல்வின். டர்பனில் ஒரு வெயில் நாளின் வெப்பநிலை என்று நினைத்தால் மனதில் நிற்கும். ஆக ஒரு டிகிரி கூடினால் வாயுவின் அழுத்தமோ கன அளவோ முந்நூறில் ஒரு பங்கு கூடும். அதாவது மூன்று டிகிரிக்கு ஒரு விழுக்காடு.

இந்த ஒரு வரியை நினைவில் வைத்தால் பாதி வேலை முடிந்தது. எங்கள் கணக்கில் வெப்பநிலை 25 டிகிரி கூடுகிறது. 25-ஐ மூன்றால் வகுத்தால் எட்டுக்குச் சற்று மேல். எனவே அழுத்தம் எட்டு விழுக்காடு கூட வேண்டும். 120-இல் எட்டு விழுக்காடு பத்துக்குப் பக்கம். விடை 130-ஐ ஒட்டி வர வேண்டும். நோட்டில் இருந்ததோ 270. இரண்டு மடங்குக்கும் மேல்.

முறையாகச் செய்தால்:

```
p2 = 120 × 318 / 293 = 130.2 kPa
```

மதிப்பீடு 130, சரியான விடை 130.2. மனக்கணக்குக்கு இது போதும். வெப்பநிலை சுழியத்தை ஒட்டி இருந்தால் ஒரு டிகிரிக்கு 273-இல் ஒரு பங்கு, 60 டிகிரியை ஒட்டி இருந்தால் 333-இல் ஒரு பங்கு. ஆனால் பிழையைப் பிடிக்க இந்த நுணுக்கம் தேவையில்லை. எட்டு விழுக்காடா, 125 விழுக்காடா என்றுதான் பார்க்கிறோம். அரை விழுக்காடு அங்கே இங்கே போனால் பரவாயில்லை.

வழக்கமாக ஆசிரியர்கள் சொல்லும் சோதனை ஒன்று உண்டு: "சூடானால் கூடியிருக்கிறதா, குளிர்ந்தால் குறைந்திருக்கிறதா என்று பார்." நானும் பல ஆண்டுகள் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். இந்தப் பிழைக்கு அது உதவாது. இரண்டு வெப்பநிலையும் சுழியத்துக்கு மேலே இருக்கும்போது, செல்சியஸில் போட்ட விடையும் சரியான திசையில்தான் போகும். 20-இலிருந்து 45-க்குப் போனால் கூடும், 25-இலிருந்து 5-க்கு வந்தால் குறையும். திசை சரி, அளவுதான் தப்பு. 25-இலிருந்து 5-க்குக் குளிர்ந்த வாயுவின் கன அளவு ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது என்று செல்சியஸ் சொல்லும். உண்மையில் அது நூறுக்கு 93 ஆகத்தான் குறைகிறது. அதனால்தான் அந்தப் பெண்ணும் திசையைச் சரிபார்த்துவிட்டு நிம்மதியாக இருந்தாள். திசையைப் பாருங்கள், ஆனால் அதோடு நின்றுவிடாதீர்கள்.

இரண்டாம் படி: தவறான விடையின் ரேகையைப் படியுங்கள்

மதிப்பீடு ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ தப்பு இருக்கிறது என்று தெரியும். அது செல்சியஸ் பிழைதானா, வேறு ஏதாவதா? இதை ஊகிக்கத் தேவையில்லை. ஒவ்வொரு பிழையும் விடையில் தன் ரேகையை விட்டுவிட்டுப் போகும்.

செய்ய வேண்டியது ஒரே ஒரு வகுத்தல். எழுதிய விடையைத் தொடக்க மதிப்பால் வகுங்கள். 270-ஐ 120-ஆல் வகுத்தால் 2.25. இப்போது கேள்வியில் இருக்கும் செல்சியஸ் எண்களைப் பாருங்கள்: 45-ஐ 20-ஆல் வகுத்தாலும் 2.25. இரண்டும் அச்சாக ஒன்று. இரண்டு வெப்பநிலையையும் மாற்றாமல் போட்டிருக்கிறாள் என்பதில் இனிச் சந்தேகம் இல்லை.

பாதி மாற்றி பாதி விட்ட பிழைகளும் வரும். அவசரத்தில் ஒரு வெப்பநிலைக்கு 273 சேர்த்துவிட்டு மற்றதை மறந்துவிடுவார்கள். இரண்டாவதை மட்டும் மாற்றியிருந்தால் விகிதம் 318-க்கு 20, அதாவது கிட்டத்தட்ட 16 மடங்கு. விடை 1908 கிலோபாஸ்கல் என்று வந்து நிற்கும். முதலாவதை மட்டும் மாற்றியிருந்தால் 45-க்கு 293, விடை வெறும் 18. சூடான கலத்தில் அழுத்தம் இப்படி விழுந்தது என்றால் அங்கே திசைச் சோதனையே போதும். இந்த இரண்டும் கத்திக் காட்டிக்கொடுக்கும் பிழைகள். பிள்ளைகள் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள்.

மறைந்து கிடப்பது இன்னொன்று. கேள்வி "45 டிகிரிக்குச் சூடாகிறது" என்று சொல்லாமல் "25 டிகிரி உயர்கிறது" என்று சொன்னால், சில பிள்ளைகள் அந்த 25-உடன் 273-ஐச் சேர்த்து 298-ஐ இரண்டாவது வெப்பநிலையாக எழுதிவிடுவார்கள். கெல்வின் போட்டுவிட்டோம் என்ற திருப்தியும் வந்துவிடும். விடை 122 கிலோபாஸ்கல். திசை சரி, எண்ணும் அடக்கமாக இருக்கிறது. ஆனால் நம் மதிப்பீடு எட்டு விழுக்காடு கூட வேண்டும் என்றது, இங்கே இரண்டு விழுக்காடுகூடக் கூடவில்லை. மற்ற பிழைகள் மாற்றத்தை ஊதிப் பெரிதாக்கும்போது இது மட்டும் சுருக்கிக் காட்டுகிறது. நினைவில் வைக்க வேண்டியது, வெப்பநிலை வேறுபாட்டுக்கு 273 சேர்க்கக் கூடாது. 25 டிகிரி செல்சியஸ் உயர்வு என்பது 25 கெல்வின் உயர்வுதான். முதலில் 20-உடன் 25-ஐக் கூட்டி 45 ஆக்கிய பிறகு 273-ஐச் சேர்க்க வேண்டும்.

சுழியத்துக்குக் கீழே போகும் கணக்குகள்

இந்த இடத்தில் பிழை தானாகவே வெளியே வந்துவிடும். அதனால் தாங்களே கேள்வி தயாரித்துப் பழகும் பிள்ளைகளிடம் ஒரு வெப்பநிலையைச் சுழியத்துக்குக் கீழே வைக்கச் சொல்வேன்.

3 லிட்டர் காற்று அடைத்த பலூனை 27 டிகிரி அறையிலிருந்து எடுத்து, கழித்தல் 18 டிகிரியில் இருக்கும் ஃப்ரீசருக்குள் வைக்கிறோம். செல்சியஸில் போட்டால் பலூனின் கன அளவு கழித்தல் 2 லிட்டர் என்று வரும். இல்லாததைவிடச் சிறிய பலூன் கிடையாது. கெல்வினில் 300-லிருந்து 255-க்கு வருகிறது, விகிதம் 0.85, கன அளவு 2.55 லிட்டர்.

இதை வீட்டில் செய்து பார்க்கலாம், நாங்கள் செய்தோம். வாயால் ஊதாமல் பம்பால் அடைத்தால் நல்லது, மூச்சில் இருக்கும் ஈரம் உள்ளே தண்ணீராகப் படிந்து கணக்கைக் கொஞ்சம் கெடுக்கும். ஃப்ரீசரிலிருந்து எடுத்த உடனே ஒரு நூலைச் சுற்றி அளக்க வேண்டும், சில நிமிடத்திலேயே பழைய அளவுக்கு வந்துவிடும். பிள்ளைகள் முதலில் ஏமாந்துபோவார்கள், ஏனென்றால் பலூன் அவ்வளவாகச் சுருங்கியதாகத் தெரியாது. கன அளவு நூறுக்கு 15 குறைந்தால் சுற்றளவு நூறுக்கு ஐந்துதான் குறையும், நீளம், அகலம், உயரம் மூன்றும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதால். 70 சென்டிமீட்டர் சுற்றளவுள்ள பலூனுக்கு மூன்றரை, நான்கு சென்டிமீட்டர். நூலில் அந்த வித்தியாசம் தெளிவாகத் தெரியும். வாயு எவ்வளவு மெதுவாக மாறுகிறது என்பதைக் கையால் தொட்டு உணர்ந்த பிறகு, 25 டிகிரியில் அழுத்தம் இரண்டு மடங்கானது என்று எழுத அந்தப் பிள்ளைக்குக் கை வராது.

தொடக்க வெப்பநிலை சரியாகச் சுழியமாக இருந்தால் சுழியத்தால் வகுக்க வேண்டி வரும், கால்குலேட்டர் மறுத்துவிடும். அதுவும் இதே பிழையின் அடையாளம்தான்.

வெப்பநிலையையே கண்டுபிடிக்கச் சொன்னால்

இதுவரை சொன்னதெல்லாம் அழுத்தமோ கன அளவோ விடையாக வரும் கணக்குகளுக்கு. வெப்பநிலையே விடையாக வந்தால் ரேகை தலைகீழாக இருக்கும். இங்கே செல்சியஸ் பிழை மாற்றத்தை ஊதாது, அமுக்கிவிடும். என் அனுபவத்தில் பார்க்கிறவர்களும் தவறவிடும் இடம் இதுதான்.

25 டிகிரியில் 150 கிலோபாஸ்கலில் இருக்கும் வாயு, எந்த வெப்பநிலையில் 180 கிலோபாஸ்கலுக்கு வரும்? அழுத்தம் 1.2 மடங்காகிறது. செல்சியஸில் போட்டால் 25-இன் 1.2 மடங்கு, 30 டிகிரி. நல்ல, அன்றாட எண். அடுப்புக்குப் பக்கத்தில் வைத்தால் வந்துவிடும் போலத் தோன்றும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மூன்று டிகிரிக்கு ஒரு விழுக்காடு என்பதைத் திருப்பிப் போடுங்கள். அழுத்தம் 20 விழுக்காடு கூட வேண்டுமானால் வெப்பநிலை 60 டிகிரி ஏற வேண்டும். 25-உடன் 60, ஆக 85 டிகிரியை ஒட்டி வர வேண்டும். கணக்கிட்டால்:

```
T2 = 298 × 180 / 150 = 357.6 K
357.6 − 273 = 84.6 °C
```

வெறும் ஐந்து டிகிரி சூட்டில் 20 விழுக்காடு அழுத்தம் கூடும் என்றால், காலையிலிருந்து மதியத்துக்குள் வீட்டிலுள்ள மூடிய பாட்டில்கள் எல்லாம் விறைத்துப்போக வேண்டும். அப்படி நடப்பதில்லை.

இந்த வகைக் கணக்கில் கூடவே வரும் இன்னொரு தவறு, கடைசியில் 273-ஐக் கழிக்க மறந்து "357.6 டிகிரி செல்சியஸ்" என்று எழுதுவது. உள்ளே எல்லாம் சரி, பெயர்ப்பலகைதான் தப்பு. 85 வர வேண்டிய இடத்தில் 358 வந்தால், கழித்துப் பாருங்கள்: வித்தியாசம் 273-ஐ ஒட்டி வந்தால் இதுதான் காரணம். கேள்வி எந்த அலகில் கேட்டிருக்கிறது என்பதை விடை எழுதுமுன் இன்னொரு முறை படித்துவிட வேண்டும்.

pV = nRT வந்தால் வேறு சோதனை

இங்கே இரண்டு வெப்பநிலை இல்லை, ஒன்றுதான். விகிதம் பார்க்க வழியில்லை. அதற்குப் பதிலாக ஒரு மோல் வாயு எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். சுழியம் டிகிரியில் சாதாரணக் காற்றழுத்தத்தில் 22.4 லிட்டர், அறை வெப்பநிலையில் ஏறக்குறைய 24 லிட்டர். எந்த வாயுவானாலும் இதை ஒட்டித்தான் இருக்கும்.

5 லிட்டர் கலத்தில் 25 டிகிரியில், 100 கிலோபாஸ்கல் அழுத்தத்தில் ஆக்சிஜன் இருக்கிறது. எத்தனை மோல்? ஐந்து லிட்டர் என்பது 24 லிட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. விடை 0.2 மோலை ஒட்டி வர வேண்டும், அவ்வளவுதான். இங்கே கேள்வித்தாளோடு தரும் தகவல் தாளில் R-இன் மதிப்பு 8,31 என்று கால்புள்ளியோடு அச்சாகியிருக்கும், அதை 8.31 என்றுதான் படிக்க வேண்டும். கிலோபாஸ்கலையும் லிட்டரையும் பெருக்கினால் நேராக ஜூல் வந்துவிடுவதால் வேறு மாற்றம் தேவையில்லை.

```
n = (100 × 5) / (8.31 × 298) = 0.202 mol
```

செல்சியஸில் 25-ஐப் போட்டால் 2.41 மோல் வரும், 12 மடங்கு அதிகம். 298-ஐ 25-ஆல் வகுத்தால் 11.9 என்பதால் அந்த 12. இது மோலில் தெரியாவிட்டால் கிராமுக்கு மாற்றுங்கள். ஆக்சிஜனுக்கு மோலுக்கு 32 கிராம், எனவே 77 கிராம் வரும். ஐந்து லிட்டர் தண்ணீர்க் கேன் அளவு ஆக்சிஜன், அறை அழுத்தத்தில், 77 கிராம் இருக்காது. ஒரு லிட்டர் காற்றே ஒரு கிராமுக்குச் சற்று மேல்தான். சரியான விடை 6.5 கிராமுக்குள் அடங்குகிறது.

அழுத்தம் 100 கிலோபாஸ்கலாக இல்லாவிட்டால் அந்த 24 லிட்டரையும் அதற்கேற்ப மாற்றிக்கொள்ள வேண்டும். 200 கிலோபாஸ்கலில் ஒரு மோல் 12 லிட்டருக்குள் அடங்கும், 50 கிலோபாஸ்கலில் 48 லிட்டர் பிடிக்கும்.

டயர்: கெல்வின் மட்டும் போதாத இடம்

டர்பனிலிருந்து ஜோகன்னஸ்பர்க்குக் கிளம்புமுன் பெட்ரோல் பங்கில் டயருக்குக் காற்றடிப்போம். கேஜில் 2.2 பார், அதாவது 220 கிலோபாஸ்கல், டயர் 20 டிகிரியில். நெடுஞ்சாலையில் ஓடி டயருக்குள் காற்று 50 டிகிரியானால் கேஜ் என்ன காட்டும்? பிள்ளைகளுக்குப் பிடித்த கணக்கு இது, இதை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

செல்சியஸில் போட்டால் இரண்டரை மடங்கு, 550 கிலோபாஸ்கல். முப்பது டிகிரிக்குப் பத்து விழுக்காடு என்ற நம் மதிப்பீட்டில் இது உடனே விழுந்துவிடுகிறது. கெல்வினுக்கு மாற்றினால் 242.5 வருகிறது. மதிப்பீடும் 242. எல்லாம் சரியென்று மூடி வைத்துவிடத் தோன்றும். ஆனால் இதுவும் தப்பு.

கேஜுக்கும் ஒரு பால்கனி இருக்கிறது. அது சுழியம் காட்டும்போது டயருக்குள் ஒன்றுமில்லை என்று பொருள் இல்லை, வெளிக்காற்றின் அதே அழுத்தம் உள்ளே இருக்கிறது என்று பொருள். கடலோரத்தில் இருக்கும் டர்பனில் அது 101 கிலோபாஸ்கல். அழுத்தத்தையும் அதன் தரையிலிருந்து எண்ண வேண்டும்: 220-உடன் 101, மொத்தம் 321. டயரின் கன அளவு மாறவில்லை என்று எடுத்துக்கொண்டால்:

```
p2 = 321 × 323 / 293 = 354 kPa
354 − 101 = 253 kPa
```

கேஜ் 253 காட்டும். வெப்பநிலைக்கு 273 சேர்ப்பதும் கேஜ் அழுத்தத்துக்கு 101 சேர்ப்பதும் ஒரே காரணத்துக்காகத்தான். ஒன்றைச் செய்துவிட்டு மற்றதை விட்டால் விடை 10 கிலோபாஸ்கல் குறைகிறது. விழுக்காட்டு மதிப்பீடு இதைப் பிடிக்காது, ஏனென்றால் தவறான எண்ணிலேயே விழுக்காடு எடுக்கிறோம். எனவே கேள்வியில் கேஜ், டயர், பம்ப் என்று வந்தால் முதலில் அழுத்தத்தைத்தான் பார்க்க வேண்டும். பாடப்புத்தகக் கணக்குகளில் பெரும்பாலும் மொத்த அழுத்தமே தரப்பட்டிருக்கும், அங்கே 101 சேர்க்கக் கூடாது.

அதே சூட்டில் அந்த டயர் ஜோகன்னஸ்பர்க்கில் நின்றால் கேஜ் 271 காட்டும். அந்த ஊர் கடல்மட்டத்துக்கு 1700 மீட்டருக்கு மேலே இருக்கிறது, வெளிக்காற்றின் அழுத்தம் அங்கே 83 கிலோபாஸ்கல் அளவில்தான். டயருக்குள் ஒன்றும் மாறவில்லை, கேஜின் பால்கனிதான் இறங்கிவிட்டது. வழியில் நின்று பார்த்து "காற்று ஏறிவிட்டது" என்று சூடான டயரிலிருந்து காற்றை இறக்கிவிட வேண்டாம். ஆறியபின் அது குறைந்துபோய் நிற்கும்.

இந்தச் சோதனை எங்கே பலவீனமாகிறது

வெப்பநிலை மிக உயரமாக இருக்கும் கணக்குகளில் செல்சியஸ் பிழை தன்னை மறைத்துக்கொள்ளும். 900 டிகிரியிலிருந்து 1000 டிகிரிக்குச் சூடாகும் உலை வாயுவை எடுத்தால், செல்சியஸில் விகிதம் 1.11, கெல்வினில் 1.085. பதினொரு விழுக்காடா, எட்டரை விழுக்காடா என்பதை மனக்கணக்கு மதிப்பீட்டால் பிரிக்க முடியாது. இங்கே மூன்று டிகிரிக்கு ஒரு விழுக்காடு என்ற வரியும் பொருந்தாது, ஒரு விழுக்காட்டுக்கு 12 டிகிரி வேண்டும். பால்கனியில் நின்று மரங்களை அளப்பது போலத்தான், மரங்கள் மிக நெடியவையானால் அடியில் மறைந்த துண்டு பெரிய வித்தியாசம் செய்யாது. அங்கே ரேகையைத்தான் நம்ப வேண்டும்: விடையைத் தொடக்க மதிப்பால் வகுத்து, செல்சியஸ் எண்களின் விகிதத்தோடு மூன்று இலக்கம் வரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

வெப்பநிலை மாறாத கணக்குகளில், அழுத்தமும் கன அளவும் மட்டும் மாறும்போது, இரண்டு பக்கமும் ஒரே T இருப்பதால் அது அடிபட்டுப் போகும். செல்சியஸில் போட்டிருந்தாலும் விடை சரியாகவே வரும். அங்கே பிள்ளை 25 என்று எழுதியிருந்தால் விடையைத் தப்பென்று அடிக்காதீர்கள், ஆனால் 298 என்று திருத்தி எழுதச் சொல்லுங்கள். அடுத்த கேள்வியிலேயே அது அடிபடாமல் நிற்கும்.

273-ஆ, 273.15-ஆ என்று சில பெற்றோர் கேட்பார்கள். பள்ளிக் கணக்குக்கு 273 போதும். நம் கலத்தின் கணக்கில் எதைப் போட்டாலும் 130.2 தான் வருகிறது.

அன்று அந்தப் பெண் மேசையிலேயே மறுபடி கணக்கைப் போட்டாள். கேள்விக்குப் பக்கத்தில் ஓரமாகப் பென்சிலில் "25 ÷ 3, எட்டு" என்று எழுதி, அதன் கீழே 130.2 என்று எழுதினாள். பிறகு அடுத்த பக்கத்தில் இருந்த பழைய கணக்கு ஒன்றைத் தானாகவே எடுத்து, விடையை முதல் எண்ணால் வகுத்துப் பார்க்கத் தொடங்கினாள்.